இதய நோயாளியின் நெஞ்சு எக்ஸ்ரே: எதை முதலில் பார்ப்பது?

நல்லூர்த் தேர் முடிந்த இரவு, பத்து மணிக்குப் பிறகு வாட்டுக்கு 64 வயது அம்மா ஒருவர் வந்தார். பருத்தித்துறைப் பக்கம். நாலு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தவர், பிரஷரும் உண்டு. மூன்று நாளாக நடந்தால் இளைப்பு. அன்றிரவு படுக்கவே முடியாமல் மூன்று தலையணையில் சாய்ந்து இருந்திருக்கிறார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டீர்களா என்று கேட்டேன்.

"தம்பி, தண்ணிக் குளிசை போட்டா அடிக்கடி ஒண்டுக்குப் போக வேணும். கோயில் சனத்துக்குள்ள எங்க போறது? அதுதான் ஒரு கிழமையா விட்டுட்டன்."

விரதச் சாப்பாடுதான் சாப்பிட்டிருக்கிறார். ஆனால் அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் தாராளமாக. உப்புக்கு விரதம் இல்லை.

அவருடைய எக்ஸ்ரேயை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வாட்டுக்கு வரும் ஹவுஸ் ஒஃபிசர்களும் இறுதி வருட மாணவர்களும் இதய நோயாளியின் படத்தைக் கையில் எடுத்ததும் "இதயம் பெரிசு" என்று சொல்லிவிட்டு அத்துடன் நின்றுவிடுகிறார்கள். படத்தில் பார்க்க வேண்டியவை மூன்று: இதயத்தின் அளவு, சுவாசப்பையின் நெரிசல், சுவாசப்பை உறைக்குள் தேங்கும் நீர். மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. இதயம் பெரிதாக மாதங்களும் வருடங்களும் எடுக்கும். நெரிசல் சில மணித்தியாலத்தில் வரும். நீர் நாள் கணக்கில் சேர்ந்து, நாள் கணக்கில் வற்றும். ஆகவே இன்றிரவு ஏன் மூச்சு வாங்குகிறது என்ற கேள்விக்கு இதயத்தின் அளவு பதில் சொல்லாது. அந்தப் பதில் பெரும்பாலும் சுவாசப்பையில்தான் இருக்கும்.

முதலில்: படம் எப்படி எடுக்கப்பட்டது?

பெயர், திகதி, இடது பக்கக் குறி மூன்றையும் பாருங்கள். அப்புறம் இது பீ.ஏ. படமா ஏ.பீ. படமா என்று பாருங்கள்.

பீ.ஏ. படத்தில் நோயாளி நின்றபடி நெஞ்சைத் தட்டோடு ஒட்டி வைத்திருப்பார், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். கதிர்க்குழாய் ஏறத்தாழ 180 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கும். இதயம் நெஞ்சின் முன்பக்கத்தில், தட்டுக்கு அருகில் இருப்பதால் அதன் நிழல் அதிகம் பெருக்காது. கட்டிலில் எடுக்கும் ஏ.பீ. படத்தில் தட்டு முதுகுக்குக் கீழே, கதிர் முன்னாலிருந்து, தூரமும் ஒரு மீற்றர் அளவுதான். விளக்குக்குக் கிட்டவும் சுவருக்குத் தூரவும் கையைப் பிடித்தால் நிழல் பெரிதாவது போல இதயமும் பெரிதாகத் தெரியும். படுத்திருந்தால் பிரிமென்றகடும் மேலே தள்ளி இதயத்தை அகலமாக்கிவிடும்.

இதை நான் சிரமப்பட்டுத்தான் படித்தேன். பயிற்சிக் காலத்தில் ஒரு நடுச்சாமம், கட்டிலில் எடுத்த படத்தில் இதயம் நெஞ்சின் 60 வீதம் இருந்தது. அடிப்பகுதியில் மங்கலும் இருந்தது. இதய இயலாமை என்று எழுதி, நீர் போக்கும் ஊசியும் போட்டேன். விடியற்காலையில் அந்த ஐயாவின் பிரஷர் இறங்கிவிட்டது. மறுநாள் நிற்கவைத்து எடுத்த பீ.ஏ. படத்தில் விகிதம் 0.48. அடியில் இருந்தது நிமோனியா. காய்ச்சல் அட்டை கட்டில் தலைமாட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

அடுத்தது மூச்சு. நன்றாக உள்ளிழுத்த படத்தில் பிரிமென்றகட்டுக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் 9 அல்லது 10 எண்ணக்கூடியதாக இருக்கும். எட்டுக்குக் குறைந்தால் இதயம் அகலமாகவும் அடிப்பகுதி மங்கலாகவும் தெரியும், நெரிசல் இல்லாதவருக்கும் நெரிசல் போலவே காட்டும். பிறகு, இரண்டு காறை எலும்புகளின் உள் முனைகளும் நடு முள்ளெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உடல் திரும்பியிருக்கிறது, இதயத்தின் ஓரங்களை நம்ப முடியாது.

அம்மா எப்படியோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பீ.ஏ. படம், ஒன்பது விலா எலும்புகள், திருப்பம் இல்லை. இப்படிக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இதயத்தை அளப்பது

முள்ளெலும்புகளின் நடுவால் நேர்க்கோடு ஒன்று கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இதயத்தின் வலது ஓரம் மிகத் தள்ளி இருக்கும் இடத்துக்கு ஒரு அளவு. இடது ஓரம் மிகத் தள்ளி இருக்கும் இடத்துக்கு இன்னொரு அளவு. இவை ஒரே மட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டினால் இதயத்தின் அகலம். பிறகு நெஞ்சின் அகலம்: விலா எலும்புகளின் உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை, மிக அகலமான இடத்தில். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் வரும். வளர்ந்தவரின் பீ.ஏ. படத்தில் 0.5ஐத் தாண்டினால் பெரிது என்கிறோம். இந்த அளவு 1919இல் டான்சர் என்பவர் எழுதியது முதல் புழக்கத்தில் இருக்கிறது.

அம்மாவின் படத்தில் வலப்பக்கம் 4.5, இடப்பக்கம் 12.0, மொத்தம் 16.5 சென்ரிமீற்றர். நெஞ்சு 29.0. விகிதம் 0.57.

சரி, இதயம் பெரிது. ஆனால் மகள் ஒரு பையில் பழைய படங்களைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊரில் படத்தை வீட்டில் பத்திரமாக வைக்கும் பழக்கம் இருப்பது பெரிய உதவி, கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய படத்தில் அகலம் 16.0, நெஞ்சு அதே 29.0, விகிதம் 0.55. அரைச் சென்ரிமீற்றர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இதயம் சுருங்கும்போது எடுத்தோமா விரியும்போது எடுத்தோமா, மூச்சைக் கொஞ்சம் கூட இழுத்தாரா என்பதிலேயே அவ்வளவு மாறும். ஆக இந்தப் பெரிய இதயம் பழைய கதை. இன்றைய இளைப்புக்கான காரணம் வேறு.

விகிதம் ஏமாற்றும் இடங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நீண்ட காலம் பீடி, சுருட்டுப் பிடித்துச் சுவாசப்பை ஊதிப்போனவரின் நெஞ்சு அகன்றும் பிரிமென்றகடு தாழ்ந்தும் இருக்கும், இதயம் ஒடுங்கித் தொங்கும். அவருக்கு 0.48 என்பதே பெரிய இதயமாக இருக்கலாம், பழைய படம் இருந்தால்தான் பிடிபடும். மற்றது, இதயம் பானை போல உருண்டு பெருத்து, சுவாசப்பை மட்டும் தெளிவாக இருந்தால், வீங்கியது இதயத் தசையா அல்லது இதயத்தைச் சுற்றிய உறைக்குள் நீரா என்று சந்தேகப்பட வேண்டும். அதை எக்ஸ்ரே தீர்க்காது, எக்கோதான் தீர்க்கும்.

விகிதம் சாதாரணமாக இருப்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்றும் எடுக்க வேண்டாம். புதிதாக மாரடைப்பு வந்தவருக்கு இதயம் பெருக்க நேரமே இருந்திருக்காது, சுவாசப்பை நிரம்பியிருக்கும். வாதக் காய்ச்சலால் மைற்றல் வால்வு ஒடுங்கிய இளம் பெண்ணுக்கும் இப்படித்தான்: மொத்த அகலம் சரியாக இருக்கும், இடது சோணையறை மட்டும் பெருத்து, வலது ஓரத்துக்கு உள்ளே இரண்டாவது வளைவாகத் தெரியும்.

நெரிசலைப் படிகளாகப் பார்ப்பது

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஆனால் எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான்.

இடது இதயவறை இரத்தத்தை முழுதாகத் தள்ளாதபோது அழுத்தம் பின்னோக்கி இடது சோணையறைக்கும், அங்கிருந்து சுவாசப்பை நாளங்களுக்கும் ஏறும். வழமையாக அங்கே அழுத்தம் 12 மி.மீ. இரசம் அளவைத் தாண்டாது. அது ஏற ஏறப் படம் மூன்று படியாக மாறும். எல்லை எண்கள் அண்ணளவானவை, ஒழுங்கு மட்டும் மனதில் நிற்கட்டும்.

முதற்படி, சுமார் 13 முதல் 18 வரை. நிற்பவரின் சுவாசப்பையில் புவியீர்ப்பால் கீழ்ப்பகுதிக் குழாய்கள் பருத்தும் மேற்பகுதிக் குழாய்கள் மெலிந்தும் இருக்க வேண்டும். அழுத்தம் கூடும்போது இந்த ஒழுங்கு மாறி, மேற்குழாய்கள் கீழ்க்குழாய்களுக்குச் சமமாகவோ அதைவிடப் பருத்தோ தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவாசப்பை வேருக்கு மேலே, கதிருக்கு நேராக நிற்கும் சுவாசக் குழாய் ஒன்று சிறு கறுப்பு வட்டமாகத் தெரியும், அதன் பக்கத்தில் அதன் நாடி வெள்ளை வட்டமாக நிற்கும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்க வேண்டும். வெள்ளை வட்டம் தெளிவாகப் பெரிதென்றால் இரத்தம் மேலே ஏறியிருக்கிறது. படுத்து எடுத்த படத்தில் இந்தச் சோதனை செல்லாது. படுத்தால் எல்லாருக்கும் மேலே இரத்தம் ஏறும்.

இரண்டாம் படி, சுமார் 18 முதல் 25 வரை. நீர் குழாய்களை விட்டு வெளியேறி, சுவாசப்பையின் இடைத் திசுக்களுக்குள் போகிறது. குழாய்களின் ஓரங்கள் பென்சில் கோட்டை விரலால் தேய்த்தது போல மங்கும். சுவாசக் குழாயின் வட்டத்தைச் சுற்றிச் சுவர் தடிக்கும். மடல்களைப் பிரிக்கும் மெல்லிய கோடு, குறிப்பாக வலப்பக்கக் கிடைக்கோடு, தடித்துத் தெரியும். இவற்றோடு கேர்லி பீ கோடுகளும் வரும். பீற்றர் கேர்லி என்ற கதிரியல் மருத்துவர் 1933இல் விவரித்தவை. சுவாசப்பையின் அடியில், வெளி ஓரத்தில், உறைக்குச் செங்குத்தாக, ஏணிப் படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நீளம் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர், தடிப்பு மயிரளவு.

இது கோடா, இரத்தக் குழாயா என்று புதியவர்கள் குழம்புவார்கள். வழமையான இரத்தக் குழாய் ஓரத்தை நெருங்கும்போது மெலிந்து, கடைசி ஒரு சென்ரிமீற்றரில் கண்ணுக்கே தெரியாது, நடுவில் கிளையும் விடும். கேர்லி கோடு ஓரத்தைத் தொட்டு நிற்கும், கிளை விடாது. இரண்டே கேள்விகள்: ஓரத்தைத் தொடுகிறதா, கிளைக்கிறதா?

இன்னொன்று. வட்ஸ்அப்பில் வரும் படத்தில் இந்தக் கோடுகளைத் தேடாதீர்கள். லைட் பொக்ஸில் இருக்கும் படத்தைப் போனில் எடுத்து அனுப்பும்போது முதலில் காணாமல் போவது இவைதான். சிறிய தாளில் அச்சடித்த டிஜிட்டல் படத்திலும் கவனம் தேவை. அதில் விகிதம் மாறாது, ஆனால் சென்ரிமீற்றர், மில்லிமீற்றர் அளவுகள் எல்லாம் சுருங்கியிருக்கும். அம்மாவின் அளவுகளை நான் எடுத்தது கணினித் திரையின் அளவுகோலால்.

மூன்றாம் படி, 25க்கு மேல். நீர் காற்றறைகளுக்குள்ளேயே கொட்டுகிறது. சுவாசப்பை வேரைச் சுற்றி இரு பக்கமும் பஞ்சு போன்ற வெண்மை, வௌவால் சிறகு விரித்தது போல. இந்த நிலையில் படத்தைப் படித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, நோயாளியே சொல்லிவிடுவார்.

அம்மாவின் படத்தில் மேற்குழாய்கள் பருத்திருந்தன, வெள்ளை வட்டம் கறுப்பு வட்டத்தைவிடத் தெளிவாகப் பெரிது. வலது அடியில் ஐந்து கேர்லி கோடுகள் எண்ண முடிந்தது. கிடைக்கோடு தடித்திருந்தது. வெண்மை இல்லை. இரண்டாம் படி. பழைய படத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அன்றிரவின் இளைப்புக்குப் பதில் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. பல வருடம் இதய இயலாமையோடு வாழ்பவரின் நிணநீர்க் குழாய்கள் பழகிப்போய், கசியும் நீரை வேகமாக வடித்துவிடும். அழுத்தம் உயர்ந்திருந்தும் சுவாசப்பை தெளிவாகத் தெரியலாம். திடீர் இதய இயலாமையோடு வருபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் படத்தில் நெரிசலே தெரியாது. கழுத்து நாளம் புடைத்து, அடியில் கரகரப்புக் கேட்டால், படம் தெளிவாக இருக்கிறது என்பதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம்.

பெண்களின் படத்தில் மார்பகத்தின் நிழல் அடிப்பகுதியை மங்கலாக்கும். அந்த மங்கலுக்குள்ளே குழாய்களின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் அது நெரிசல் அல்ல.

நீரைத் தேடுவது

கண்ணை இரு பக்க அடி மூலைகளுக்கும் கொண்டுபோங்கள். விலா எலும்பும் பிரிமென்றகடும் சந்திக்கும் அந்தக் கோணம் கத்தி முனை போலக் கூராக இருக்க வேண்டும். நின்றபடி எடுத்த படத்தில் அது மழுங்க ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் நீராவது வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் பின் மூலை 50 மில்லிலீற்றர் அளவிலேயே மழுங்கிவிடும், ஏனென்றால் அதுதான் மிகத் தாழ்ந்த பள்ளம். அரை லீற்றர் அளவு சேர்ந்தால் பிரிமென்றகட்டின் வளைவே மறையும். நீரின் மேல் ஓரம் கிண்ணம் போல, வெளிப்பக்கம் உயர்ந்து உட்பக்கம் தாழ்ந்து வளையும்.

படுத்த நோயாளியில் இந்த வளைவைத் தேடிப் பயனில்லை. நீர் முதுகுப் பக்கம் பரந்து கிடக்கும், அந்தப் பக்கம் முழுவதும் மெல்லிய திரை போட்டது போல இருக்கும், திரைக்குள்ளால் குழாய்கள் தெரியும். சந்தேகமென்றால் கட்டிலருகே ஸ்கேன் வைத்துப் பார்ப்பது படத்தைவிடச் சிறந்தது.

சிலவேளை நீர் மடல்களின் இடைக்கோட்டுக்குள் சிக்கி, முட்டை வடிவில் கட்டி போல நிற்கும். இதைப் பார்த்துப் புற்றுநோய் என்று வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டாம். இரண்டு நாள் நீர் போக்கியபின் மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

இதய இயலாமையின் நீர் பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், வலப்பக்கம் சற்றுக் கூட. இந்த வடிவம், பெரிய இதயம், நெரிசல் மூன்றும் சேர்ந்து, காய்ச்சலும் மூச்சிழுக்கும்போது குத்தும் இல்லையென்றால், ஊசி குத்தி எடுக்கத் தேவையில்லை. மருந்து கொடுத்து மூன்று நாள் பாருங்கள். இடப்பக்கம் மட்டும் இருந்தால், ஒரு பக்கம் மிக அதிகமாக இருந்தால், அல்லது காய்ச்சல் இருந்தால், நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். காசநோய் எங்களிடம் இன்னும் இருக்கிறது.

கார்த்திகை, மார்கழி மழையில் இன்னொன்றும் வரும். நாலைந்து நாள் காய்ச்சல் காய்ந்து, காய்ச்சல் விடும் நேரத்தில் வலப்பக்கம் நீர், இதயம் ஒல்லியாக, மேற்குழாய்கள் பருக்காமல். அது டெங்குக் கசிவு. அங்கே இரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்துகொண்டிருக்கிறது. நீர் கண்டவுடன் நீர் போக்கும் ஊசியை எடுத்தால் ஆளைக் கொன்றுவிடுவோம். இதயத்தின் அளவும் மேற்குழாய்களும் ஒரே பார்வையில் காப்பாற்றும் இடம் இது.

அம்மாவுக்கு வலது கோணம் மழுங்கி வளைவு தெரிந்தது, இடது கோணம் இலேசாக மழுங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை, குத்தும் இல்லை. குத்தி எடுக்கவில்லை.

எழுதுவதும் மறுபடி எடுப்பதும்

அன்றிரவு அவருடைய தாளில் எழுதியது இவ்வளவுதான்: "நின்று எடுத்த பீ.ஏ. படம், மூச்சு போதும், திருப்பம் இல்லை. விகிதம் 0.57, இரண்டு வருடம் முன் 0.55, மாற்றமாக எடுக்கவில்லை. மேற்குழாய்கள் பருத்துள்ளன, வலது அடியில் கேர்லி பீ கோடுகள், காற்றறை நீர் இல்லை. இரு பக்க நீர், வலம் கூட." எப்படி எடுத்த படம் என்பதை எழுதாத குறிப்பு நாளைக்கு ஒப்பிட உதவாது.

நாளம் வழியாக நீர் போக்கும் மருந்து கொடுத்ததும் விடியற்காலையில் இளைப்பு பாதி இறங்கிவிட்டது, ஒரு தலையணையில் தூங்கினார். காலையில் ஒரு ஹவுஸ் ஒஃபிசர் தங்கச்சி இன்னொரு படம் எடுத்துவிட்டு, "அண்ணா, படத்தில ஒண்டும் மாறேல்லையே, டோஸைக் கூட்டுவமா?" என்று கேட்டார். கூட்டவில்லை. படம் நோயாளிக்குப் பின்னால் நடந்து வரும். சிறுநீர் எவ்வளவு போனது, நிறை எவ்வளவு இறங்கியது, எத்தனை தலையணை என்பவை அன்றைய கணக்கு. அந்தக் காலைப் படத்தை எடுத்திருக்கவே தேவையில்லை.

மூன்றாம் நாள் படத்தில் கேர்லி கோடுகள் இல்லை. மேற்குழாய்கள் சற்றுப் பருத்தே இருந்தன. இடது கோணம் கூராகிவிட்டது, வலது இன்னும் மழுங்கல். விகிதம் 0.56. வீட்டுக்கு அனுப்பும்போது அம்மா கேட்டது படத்தைப் பற்றி அல்ல. "அப்ப தம்பி, கோயிலுக்குப் போற நாளில என்ன செய்யிறது?" குளிசையை விட வேண்டாம், போய் வந்தபின் பின்னேரம் போடுங்கள் என்றேன். இரண்டு கிழமை கழித்து கிளினிக்குக்கு வந்தபோது வலது கோணமும் கூராக இருந்தது. இதயம் அதே அளவில்தான் இருந்தது.